பன்னிரண்டாம் வரிசை

ஸ்கேல் அக்கா என்றால் அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தெரியாதவர்கள் கிடையாது. தரம் பார்க்கும் பிரிவில் பத்தொன்பது வருடம். எஃகு ஸ்கேல் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். பெட்டியின் மூலை இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் "தள்ளு" என்று ஓரமாய்த் தள்ளிவிடுவார். பெற்ற மகன் வரைந்து கொடுத்த வாழ்த்து அட்டையையே ஒருமுறை அளந்து பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் தன் வாழ்நாளில் அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அது ஜி.எம்.முடைய பேச்சு.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஜெனரல் மேனேஜர் எல்லோரையும் பேக்கிங் ஹாலில் கூட்டி வைத்துக் குரல் தழுதழுக்கப் பேசினார். ஆர்டர் குறைந்துவிட்டது, கம்பெனி தள்ளாடுகிறது, எல்லோரும் தோள் கொடுத்தால்தான் நிற்கும். மாதச் சம்பளத்தில் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இனிமே நம்ம டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் என்ன வாங்குறாரோ, அதுக்கு மேல ஒரு பைசா நானும் வாங்க மாட்டேன்" என்றார். டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் கூச்சத்தில் தலை குனிந்துகொண்டார். தன் சம்பளம் இத்தனை பெரிய தியாகத்துக்கு அளவுகோலாகும் என்று பாவம் அவர் கனவிலும் நினைத்ததில்லை.

நாற்பது பேரில் பாதிப் பேர் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். அவர்களை ஒவ்வொருவராய்ப் பார்த்துப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் ஸ்கேல் அக்காதான். "மனுஷன் தன் சம்பளத்தையே வெட்டிக்கிறாரு. நம்ம யோசிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். அக்கா சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று போட்டார்கள். அக்காவின் சம்பளம் அறுபத்திரண்டாயிரத்திலிருந்து நாற்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கியது. மற்றவர்களுக்கும் அதேபோல் இறங்கியது.

இப்போது அந்தத் தியாகத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க வெள்ளிக்கிழமை மறுபடியும் கூட்டம். கையெழுத்து வாங்கும் தாள் அக்காவின் மேஜை இழுப்பறையில் தயாராய் இருந்தது.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மாலை, வருடாவருடம் போவதுபோல், வரிக் கணக்குத் தாக்கல் செய்ய நாத்தனாரின் கடைக்குப் போனார். கடை என்றால் ஜெராக்ஸ் கடையின் பின்னால் ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுழலாத ஒரு சுழல் நாற்காலி. கணவனின் தங்கை அங்கே உட்கார்ந்து ஊரார் வரிக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வது குறைவு. இங்கே அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வார்கள்.

"சம்பளச் சீட்டு பன்னெண்டும் கொண்டாந்தீங்களா அண்ணி? போன வருஷம் மாதிரி ஒண்ண மளிகைச் சீட்டோட சேத்து வெச்சிடலையே?"

"அதை வெச்சது உங்க அண்ணன்."

"எங்க அண்ணன் பண்ணா அது மறதி. நீங்க பண்ணா அது தப்பு. சரி, குடுங்க."

நாத்தனார் வரித்துறையின் இணையதளத்துக்குள் நுழைந்து அக்காவின் வருடாந்திர வரி அறிக்கையை எடுத்தாள். சம்பளம் கொடுப்பவர் மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டு அரசாங்கத்தில் கட்டுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்று ஒவ்வொருவருடைய வரி எண்ணையும் போட்டுப் பட்டியல் கொடுக்கிறார். அந்தப் பட்டியலிலிருந்து அவரவர் எண்ணுக்கு வந்து விழுவதுதான் இந்த அறிக்கை. வங்கி வட்டியில் பிடித்ததும் இதில்தான் வரும். கையில் இருக்கும் சீட்டும் இந்த அறிக்கையும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், பிடித்த வரி பிடித்ததுதான், நம் கணக்கில் மட்டும் வராது.

"வங்கி வட்டி சரி. முதல் மூணு மாசம் சரி. ரெண்டாவது மூணு மாசமும் சரி. மூணாவது, நாப்பத்தெட்டாயிரம், பிடிச்சது ஆயிரத்து அறுநூறு, சரி..." என்று பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தவள் நான்காவது காலாண்டில் நின்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். திரையைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணி, வீட்ல எங்ககிட்டல்லாம் பஞ்சப்பாட்டு பாடிட்டு நீங்க மாசம் நாலு லட்சத்து அறுபதாயிரம் வாங்கறீங்களா?"

"என்னடி உளர்ற?"

உளறவில்லை. திரையில் கம்பெனியின் பெயருக்குக் கீழே மூன்று வரிகள் இருந்தன. முதல் இரண்டு மாதமும் கொடுத்தது நாலு லட்சத்து அறுபதாயிரம், பிடித்தது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். மூன்றாவது மாதம் கொடுத்தது பதிமூன்று லட்சத்து அறுபதாயிரம். அதில் பிடித்த வரியை அக்கா விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். அவரது ஒரு வருடச் சம்பளத்தில் முக்கால்வாசி அது.

"இவ்ளோ வரி என் பேர்ல கட்டியிருக்கே, எனக்குத் திரும்ப வருமா?" என்று அக்கா கேட்டார். மனிதப் பிறவிதானே, கேட்கத்தான் தோன்றும்.

"வரும், வரும். வரியை மட்டும் எடுத்துக்கிட்டு வருமானத்தை விட்டுட முடியாது அண்ணி. அந்த வரி வேணும்னா அந்தச் சம்பளமும் என்னுதுதான்னு காட்டணும். காட்டுனா மிச்ச வரி கட்டணும். காட்டலைன்னா, இவ்ளோ வாங்கிட்டு மறைக்கிறியான்னு நோட்டீஸ் வரும். உங்க நிஜப் பிடித்தம் மூணு மாசத்துது இங்க எங்கயும் இல்ல. அது வேற யார் தலையிலயோ விழுந்திருக்கு. உங்க கம்பெனியில யாரோ வரி எண்ணை மாத்திப் போட்டுட்டாங்க. திருத்த அறிக்கை அவங்கதான் போடணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நாத்தனார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். பக்கத்துக்கு இவ்வளவு என்று உறவுக்குக்கூடச் சலுகையில்லாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு, சில்லறையை டப்பாவில் போட்டுக்கொண்டே, "ஆமா அண்ணி, உங்க கம்பெனியில மாசம் நாலு லட்சத்து அறுபதாயிரம் வாங்கற ஆள் யாரு?" என்றாள்.

அக்கா பிரிண்ட்டை நான்காய் மடித்தார். அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு தொகையை வாங்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் டெஸ்பாட்ச் சூப்பர்வைசருக்கு மேல் ஒரு பைசா வாங்குவதில்லை என்று கண்ணாடியைத் துடைத்தவர்.

புதன்கிழமை காலை முதல் வேலையாகக் கணக்குப் பிரிவுக்குப் போனார். அங்கே இருப்பவருக்குக் கட்டம் என்று பெயர். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாய் இருக்கும் தாளைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாதவர். எதைக் கேட்டாலும் முதல் பதில், தப்பு உங்களுடையது என்பதாகத்தான் இருக்கும்.

"உங்க வரி எண்ணைத் தப்பா எழுதிக் குடுத்திருப்பீங்க மேடம்."

"பத்தொன்பது வருஷமா அதே நம்பர் சார். மூணு காலாண்டு சரியா வந்திருக்கு."

"அப்ப வரித்துறையில ஏதாவது பிரச்சினையா இருக்கும். என் தாள்ல தப்பு வரவே வராது. பாருங்க, வரி எண் வரிசையை நான் பூட்டியே வெச்சிருக்கேன். நானே நினைச்சாலும் மாத்த முடியாது."

பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். காட்டியவரே முதல் பெயரையும் அதன் எதிரே இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தப் பூட்டுதான் வினை. வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்களின் பட்டியல் சேர்ந்த வரிசைப்படி இருந்தது. முதல் பெயர் ஸ்கேல் அக்கா. பதினோராவது டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். ஜி.எம். வந்து நான்கு வருடம்தான் ஆவதால் அவர் பன்னிரண்டாவது. கடைசிக் காலாண்டுப் பட்டியலைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது அவர் அதைப் பார்த்துவிட்டார். "நான் என்ன இந்தக் கம்பெனியில பன்னெண்டாவது ஆளா?" என்று கேட்டாராம். கட்டம் ஓடி வந்து ஜி.எம்.முடைய பெயரையும் சம்பளத்தையும் பிடித்தத்தையும் வெட்டி உச்சியில் ஒட்டி, மற்ற பதினோரு பேரையும் ஒரு படி கீழே இறக்கினார். பூட்டியிருந்த வரி எண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பெயரெல்லாம் நகர்ந்தது, எண் நகரவில்லை.

ஒவ்வொரு எண்ணும் நிஜமான எண்தான், அதனால் மென்பொருள் முணுமுணுக்கவில்லை. மொத்தத் தொகையும் கட்டிய தொகையோடு ஒத்துப்போனது. மொத்தம் சரியென்றால் எல்லாம் சரி என்பது கட்டத்தின் மதம். ஜி.எம்.மும் தன் பெயர் உச்சியில் இருக்கிறதா என்பதை மட்டும் கூர்ந்து சரிபார்த்துவிட்டு, "விவரங்கள் அனைத்தும் உண்மை" என்ற வாசகத்துக்குக் கீழே அழகாய்க் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு பேரை மேல ஏத்தினதுக்கு இவ்ளோவா?" என்றார் அக்கா.

"மேடம், உங்க கால்ல வேணாலும் விழறேன். அடுத்த வாரம் திருத்த அறிக்கை போட்டுடறேன், பத்து நாள்ல எல்லாம் சரியாயிடும். அதுவரைக்கும் அந்தத் தாளை யாருக்கும் காட்டாதீங்க. திருத்தத்துக்கும் அவர்தான் கையெழுத்துப் போடணும். அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

எப்படிச் சொன்னாரோ தெரியாது, சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மதியம் ஜி.எம்.மின் அறைக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது. எதிரில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்தது அன்றுதான்.

"சம்பள விவரம்ங்கறது ரகசியம். இன்னொருத்தரோடதை வெச்சுக்கறது தப்பு. உங்களுக்குத் தெரியாததில்ல."

"என் எண்ணுல வந்த என் அறிக்கை சார். நானா தேடிப் போகல."

ஜி.எம். கொஞ்ச நேரம் காகித எடைக்கல்லை உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது உங்களுக்குப் புரியாது. மேலிடத்துல போட்ட ஒப்பந்தம். மூணாவது மாசம் வந்தது ஊக்கத்தொகை. செலவைக் குறைச்சதுக்கு மேலிடம் குடுத்தது."

 செலவைக் குறைத்தது யார்? அந்த ஊக்கத்தொகை வந்த மாதம் வரைக்குமான ஆறு மாதத்தில் தான் இழந்தது எண்பத்துநாலாயிரம். தன்னைப்போல் பத்துப் பதினோரு பேர் விட்டுக்கொடுத்ததைக் கூட்டினால் அந்த ஒன்பது லட்சம் வருகிறது. அவர்கள் வயிற்றைக் கட்டியதற்கு இவருக்கு வெகுமதி. வெகுமதிக்கு வேலை செய்த தரகர் யார் என்று யோசித்தால், கையில் ஸ்கேலோடு ஒருத்தி ஆள் ஆளாய்ப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்.

"நாளைக்குக் கூட்டம் நல்லபடியா முடியட்டும். உங்களுக்கு மட்டும் பழைய சம்பளத்தைத் திரும்பப் போட்டுடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார் ஜி.எம்.

அறுபத்திரண்டாயிரம். பொய் சொல்லக்கூடாது, அக்காவுக்கு ஆசையாய்த்தான் இருந்தது. மகனின் படிப்புச் செலவு, ஒழுகும் கூரை எல்லாம் வரிசையாய்க் கண்ணில் வந்து நின்றன. "யோசிக்கறேன் சார்" என்று எழுந்தார். வெளியே வந்து கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அவமானம் கழுவினால் போகிற சாமான் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அறிவிப்புப் பலகைக்குப் போனார். ஒரு தாளில் எழுதி ஒட்டினார்: "வரி பிடிக்கப்படும் எல்லோரும் வருடாந்திர வரி அறிக்கையை எடுத்து, கடைசி மூன்று மாதத்தைச் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். தவறு இருக்கலாம்." அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, ஒரு வார்த்தையும் ரகசியமில்லை. வரித்துறையே வருடாவருடம் சொல்லும் அறிவுரைதான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் சாப்பாட்டு மேஜை சந்தைக்கடையாகிவிட்டது. கல்யாண வீட்டில் செருப்பு மாறிப்போனதுபோல் ஒவ்வொருவரும் அடுத்தவர் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "இது என்னுது இல்ல, யாருது நாப்பத்தெட்டாயிரம்?" "அது ஸ்கேல் அக்காது." "அப்ப என்னுது?" "என்கிட்ட இருக்கு, இந்தா." டெஸ்பாட்ச் சூப்பர்வைசரிடம் கட்டத்தின் சம்பளம் இருந்தது. தன்னைவிட அது ஆறாயிரம் அதிகம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தான் கடன் கேட்கப்போகும்போதெல்லாம் கட்டம் பாடிய பஞ்சப்பாட்டு அத்தனையும் சூப்பர்வைசருக்கு நினைவுக்கு வர, கட்டம் சாப்பாட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். பட்டியல் போட்டவர் தன் சொந்த அறிக்கையையாவது பார்த்திருக்கலாம்.

எல்லாம் கைமாறி முடிந்தபோது ஒரே ஒரு கணக்கு மட்டும் இடித்தது.

"என் சம்பளம் மட்டும் யார்கிட்டயும் இல்லையே?" என்றார் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர்.

பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் பேக்கிங் ஹாலுக்குப் போனார்கள்.

ஜி.எம். மறுபடியும் தழுதழுத்தார். போன தடவையைவிட இப்போது பழக்கம் இருந்ததால் தழுதழுப்பு சரியான இடங்களில் வந்து விழுந்தது. கண்ணாடியைக் கழற்றினார். "நான் குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டு வர்றேன். டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் வாங்கறதைத்தான் நானும் வாங்கறேன்."

டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் எழுந்தார். வம்புக்கு எழவில்லை. அவருக்கு அப்போதுதான் மூளையில் விளக்கு எரிந்தது, அதை அடக்கத் தெரியவில்லை.

"சார், அது வாஸ்தவம்தான் சார்! எல்லாருதும் ஒரு ஆள் தள்ளி வந்திருக்கு. வேலையில சேந்த வரிசையில எனக்கு அடுத்த ஆள் நீங்கதான். என் சம்பளம் உங்க எண்ணுலதான் விழுந்திருக்கு. அரசாங்கக் கணக்குப்படி நீங்க என் சம்பளம்தான் வாங்கறீங்க சார்!"

ஹாலில் சிரிப்பு. அது அடங்குவதற்குள் அவரே சந்தேகமாய்த் தலையைச் சொறிந்தார். "அப்ப உங்க சம்பளம் யாருக்குப் போச்சு சார்?"

நாற்பது தலைகளும் மெதுவாய் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. சாப்பாட்டு மேஜையில் தன் தாளை மடித்தபடியே வைத்திருந்தவர் ஸ்கேல் அக்கா ஒருவர்தான்.

ஜி.எம். காலையிலேயே அக்காவிடமிருந்து வாங்கி வைத்திருந்த கையெழுத்துத் தாளை அவசரமாய் அவர் பக்கம் நீட்டினார். "வழக்கம்போல முதல் கையெழுத்து நீங்க போடுங்கம்மா. நீங்கதானே இங்க சீனியர்." பேனாவையும் திறந்து கொடுத்தார். அறுபத்திரண்டாயிரம் என்று அவர் கண்கள் ஞாபகப்படுத்தின.

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். தாளைப் பார்த்தார். நாற்பது பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அவருடையது. மேலிருந்து கீழ்வரை தேடினார்.

"சார், இதுல உங்க பேரே இல்லையே. பன்னெண்டாவதுகூட இல்ல. எந்த லிஸ்ட்டா இருந்தாலும் உங்க பேருதானே முதல்ல வரணும்?" பேனாவைத் திருப்பி நீட்டினார். "முதல்ல நீங்க போடுங்க. நாங்க பின்னால போடறோம்."

ஜி.எம். பேனாவை வாங்கவில்லை. அக்கா தன் தாளைப் பிரித்தார். மூன்று வரிகளையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். மாதம், கொடுத்தது, பிடித்தது. மூன்றாவது மாதத்தின் பதிமூன்று லட்சத்து அறுபதாயிரத்தை இரண்டு முறை படித்தார். சூப்பர்வைசர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் சம்பளத்தோடு அதை ஒப்பிட முயன்று, விரல் போதாமல் விட்டுவிட்டார்.

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஜி.எம். ஒரு முக்கியமான போன் வந்ததாகச் சொல்லி எழுந்து போனார். போன் அவர் மேஜையில்தான் இருந்தது, ஹாலுக்குக் கொண்டுவரவில்லை.

கலைந்து போகும்போது ஒட்டும் பிரிவில் வேலை செய்யும் பெண் அக்காவிடம் வந்து நின்றாள். வரி பிடிக்கும் அளவுக்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது. அக்கா கெஞ்சிக் கேட்டதால் போன தடவை கடைசியாய்க் கையெழுத்துப் போட்டவள். நான்கு மாதமாய் அவள் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருகிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"ரெண்டு மில்லி விலகுனாக்கூட என் பெட்டியைத் தள்ளிடுவீங்க. அவர் பேச்சை மட்டும் எப்படிக்கா அளக்காம விட்டீங்க?"

கோபமாய்க்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.  அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். வீடு நான்கு கிலோமீட்டர்.

திருத்த அறிக்கை மட்டும் அடுத்த நாளே போய்விட்டது. கம்பெனி வரலாற்றில் அவ்வளவு வேகமாய் நடந்த வேலை வேறு கிடையாது. ஒன்பதாம் நாள் நாத்தனார் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணி, எல்லாம் சரியாயிடுச்சு. நாப்பத்தெட்டாயிரம், நாப்பத்தெட்டாயிரம், நாப்பத்தெட்டாயிரம். பைசா பிசகாம ஒத்துப்போகுது. தாக்கல் பண்ணிடலாம்."

"பண்ணிடு" என்றார் அக்கா. கூட்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த, கையெழுத்தில்லாத அந்தத் தாளை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தார். ஒட்டும் பிரிவுப் பெண்ணின் பெயர் நாற்பதாவதாக இருந்தது. அதன் எதிரே இருந்த காலியிடத்தை ஸ்கேலை வைத்து ஒருமுறை அளந்தார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெட்டி பார்க்கப் போனார்.